சோடா மூடியில் ஒரு தயிர்ச் சந்தை: வகுப்பறையில் கேள்வி, நிரம்பல், விலையைக் கண்டுபிடிக்க வைப்பது எப்படி

உயர்தரப் பொருளியலில் வாங்குவோர் பக்கத்தைக் காட்டும் கேள்வி வளையியையும் விற்போர் பக்கத்தைக் காட்டும் நிரம்பல் வளையியையும் கரும்பலகையில் கீறி, இரண்டும் வெட்டுகிற இடத்தில் புள்ளி வைத்து, "இதுதான் சமநிலை விலை" என்று சொல்லிப் பல வருடம் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் சரியாகவும் கீறுவார்கள். ஆனால் "அந்த விலையை யார் வைத்தது?" என்று கேட்டால் வகுப்பில் பாதி "அரசாங்கம்" என்றும், மீதி "வியாபாரி" என்றும் சொல்லும். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளே பதில் காண ஒரு விளையாட்டு இருக்கிறது. மட்டக்களப்பில் தரம் 12 பிள்ளைகளோடு நான் நடத்துகிற முறையை, அட்டையில் எழுதும் எண்கள் உட்பட, அப்படியே தருகிறேன்.

விளையாட்டு என்னுடையதல்ல. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களை வைத்து இப்படியொரு சந்தையை நடத்தி, 1948 இல் அதைப் பற்றி எழுதினார். அவருடைய மாணவர்கள் அங்குமிங்கும் நடந்து, தனித்தனியே பேரம் பேசினார்கள். விலை பாடப்புத்தகம் சொன்ன இடத்தில் வந்து நிற்கவில்லை. அவருடைய மாணவர்களில் ஒருவரான வேர்னன் ஸ்மித் 1956 இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டு விஷயங்களை மாற்றிப் பார்த்தார். கேட்கும் விலையும் கொடுக்கும் விலையும் எல்லோர் காதிலும் விழ வேண்டும். அதே சந்தை பல "நாட்கள்" திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். விலை சமநிலையை நோக்கிப் போனது. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுகளுக்காக 2002 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நான் இரண்டு முறையையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து நடத்துகிறேன். முதல் சுற்றில் விலைகளை மறைத்து வைக்கிறேன், இரண்டாம் சுற்றிலிருந்து பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

என்ன தேவை

20 பிள்ளைகள் வியாபாரத்துக்கு, இரண்டு பேர் பதிவுக்கு. இரட்டைப் பாடவேளை இரண்டு, அதாவது 80 நிமிடம் இரண்டு தடவை. பத்து சோடா மூடி. பிறிஸ்டல் போட்டில் வெட்டிய 20 அட்டை. கொஞ்சம் துண்டுக் கடதாசி.

சோடா மூடி ஒன்று ஒரு சட்டி எருமைத் தயிர். விற்பவர்கள் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறார்கள், வாங்குபவர்கள் கிழக்கே உள்ள எழுவான்கரை. இங்கே பிறந்த பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு விற்பவரிடமும் ஒரு மூடி, அதாவது ஒரு சட்டி. ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு சட்டிதான் வேண்டும்.

வாங்குபவரின் அட்டையில் இருப்பது அவர் அந்தச் சட்டிக்குக் கொடுக்க இணங்கும் ஆகக் கூடிய தொகை. பத்து அட்டைகளில் 700, 650, 600, 550, 500, 450, 400, 350, 300, 250 என்று எழுதுங்கள். விற்பவரின் அட்டையில் இருப்பது அந்தச் சட்டியைச் சந்தைக்குக் கொண்டுவர ஆகும் செலவு. அந்தப் பத்தில் 200, 220, 240, 260, 280, 300, 340, 380, 450, 550.

இந்த எண்களை மனம்போன போக்கில் போடவில்லை. முன்பு இரு பக்கமும் ஒரே இடைவெளியில் இறங்கி ஏறும்படி அட்டை செய்தேன். அப்போது சமநிலை விலை எல்லா அட்டைகளின் சராசரியிலேயே வந்து விழுந்தது. "சராசரிதானே சேர் விலை" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள், அதை மாற்றப் பெரும்பாடு பட்டேன். மேலே உள்ள 20 எண்களின் சராசரி 398.50. சந்தை வந்து நிற்கப்போவது 350 க்கும் 380 க்கும் இடையில். சராசரி அதற்கு வெளியே இருப்பதால் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும்.

வகுப்பில் 40 பேர் என்றால் ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு செய்யுங்கள். வியாபாரங்கள் இரட்டிப்பாகும், விலை அதே இடத்தில் நிற்கும். இரண்டு பேர் வராவிட்டால் வாங்குபவரில் 250 ஐயும் விற்பவரில் 550 ஐயும் எடுத்துவிடுங்கள், விலை அசையாது. இன்னும் இரண்டு பேர் குறைந்தால் 300, 450. ஆனால் 340, 350, 380, 400 ஆகிய நான்கையும் தொடவே கூடாது. விலையின் எல்லையைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

விதிகள்

அட்டையை யாருக்கும் காட்டக் கூடாது. வாங்குபவர் தன் அட்டையில் உள்ளதற்கு மேல் கொடுக்கக் கூடாது, விற்பவர் தன் அட்டையில் உள்ளதற்குக் கீழே விற்கக் கூடாது. வாங்குபவரின் இலாபம் அட்டை எண்ணிலிருந்து கொடுத்த விலையைக் கழித்தால் வருவது. விற்பவரின் இலாபம் வாங்கிய விலையிலிருந்து அட்டை எண்ணைக் கழித்தால் வருவது. வியாபாரம் முடியாதவருக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இந்தக் கடைசி விதியில் கட்டாயம் ஒரு பிள்ளை மடக்கும். "தயிர் ஏற்கெனவே போட்டாச்சே சேர், விக்காட்டி 550 ரூபா நட்டம்தானே?" நல்ல கேள்வி, மழுப்ப வேண்டாம். இந்தச் சந்தையில் ஓடர் கிடைத்த பிறகுதான் உறை ஊற்றுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் 550 அட்டைக்காரர் கடைசி நிமிடத்தில் பயந்து 300 க்குத் தள்ளிவிடப் பார்ப்பார். பதிவாளர் கவனிக்காவிட்டால் அந்தச் சுற்றின் கணக்குக் கெட்டுவிடும்.

விலை பேசி முடிந்ததும் இருவரும் சேர்ந்து வந்து பதிவாளரிடம் ஒரு துண்டு கொடுக்க வேண்டும். அதில் மூன்று எண்தான்: வாங்குபவரின் அட்டை, விற்பவரின் அட்டை, பேசிய விலை. விலை இரண்டு அட்டைக்கும் இடையில் இருக்கிறதா என்று பதிவாளர் அந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். இல்லையென்றால் துண்டைத் திருப்பிக் கொடுத்து இருவரையும் சந்தைக்கு அனுப்ப வேண்டும். கணக்கில் கவனமான, சத்தத்துக்குக் கலங்காத பிள்ளையை இதற்கு வையுங்கள்.

பரிசு அவசியம், ஆனால் முதலிடத்துக்கு மட்டும் கொடுத்தால் பிழைக்கும். 700 அட்டை கையில் வந்தவர் எப்படியும் வெல்வார், 250 அட்டைக்காரர் முதல் நிமிடத்திலேயே விளையாட்டை விட்டுவிடுவார். நான் வந்த எல்லோருக்கும் ஒரு எள்ளுருண்டை, அதற்கு மேல் மொத்த இலாபத்தில் ஒவ்வொரு 400 ரூபாய்க்கும் இன்னொன்று என்று வைத்திருக்கிறேன். 20 பேர் வகுப்புக்கு 40 உருண்டை போதும்.

முதல் சுற்று: பலகை வெறுமை

ஐந்து நிமிடம். எழுந்து நடந்து பேரம் பேசட்டும். பதிவாளர் துண்டை வாங்கி வைக்க வேண்டும், விலையை வெளியே சொல்லக் கூடாது. ஒரு வகுப்பில் எனக்குக் கிடைத்த எட்டுத் துண்டுகள் இவை. வாங்குபவர், விற்பவர், விலை என்ற வரிசையில் எழுதுகிறேன்.

700, 450, விலை 560
650, 200, விலை 400
600, 380, விலை 480
550, 220, விலை 350
500, 300, விலை 420
450, 240, விலை 320
400, 260, விலை 300
350, 280, விலை 310

ஒரே அறை, ஒரே தயிர், ஒரே ஐந்து நிமிடம். ஒருவர் 300 கொடுத்தார், இன்னொருவர் 560 கொடுத்தார். 560 கொடுத்த பிள்ளைக்கு அது தெரியாது, 140 ரூபாய் இலாபம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இந்தத் துண்டுகளில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு வியாபாரத்திலும் வாங்குபவரின் அட்டையிலிருந்து விற்பவரின் அட்டையைக் கழித்துக் கூட்டுங்கள், 1870 வரும். இதுதான் இந்தச் சந்தை இரு தரப்புக்கும் சேர்த்து உண்டாக்கிய மொத்த இலாபம். இந்த அட்டைகளில் கிடைக்கக்கூடிய ஆகக் கூடிய தொகை 2010, அதற்கு ஏழு வியாபாரமே போதும். இங்கே எட்டு நடந்தும் 140 குறைகிறது. முக்கிய காரணம், 450 செலவாகும் விற்பவர் விஷயம் தெரியாத 700 காரியைப் பிடித்து விற்றுவிட்டார், 340 க்குக் கொண்டுவரக்கூடியவர் விற்காமல் நின்றார். வியாபாரம் கூடினால் நல்லது என்ற எண்ணம் இங்கே உடைகிறது. சேம்பர்லினின் சந்தைகளிலும் பெரும்பாலும் இப்படித்தான், சமநிலை அளவைவிடக் கூடுதலான வியாபாரம் நடந்தது. இதை இப்போது வகுப்பில் சொல்லாதீர்கள். துண்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

இரண்டாம், மூன்றாம் சுற்று: விலை பலகைக்கு வருகிறது

அதே அட்டை, அதே ஆட்கள். மாற்றம் ஒன்றுதான்: துண்டு வந்தவுடன் பதிவாளர் விலையைச் சத்தமாகச் சொல்ல, மற்றவர் பலகையில் எழுத வேண்டும். அட்டை எண்களை எழுதக் கூடாது, விலை மட்டும்.

அறையின் சத்தமே மாறும். 450 என்று ஆரம்பித்த விற்பவரிடம் வாங்குபவர் பலகையைக் காட்டுவார், "அங்க பார் மச்சான், 380 க்குப் போயிருக்கு." பிள்ளைகள் பலகைக்குப் பக்கத்திலேயே கூட ஆரம்பிப்பார்கள். அப்புறம் ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்கும்படி சந்தையே ஒரு மூலைக்குச் சுருங்கிவிடும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வகுப்பில் இரண்டாம் சுற்றில் விலைகள் 340 முதல் 420 வரை வந்தன, எட்டு வியாபாரம், மொத்த இலாபம் 1980. மூன்றாம் சுற்றில் 380, 370, 365, 360, 360, 360, 355. ஏழே வியாபாரம், மொத்தம் 2010. 350 அட்டைக்காரி மணி அடிக்கும் வரை ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். 380 அட்டைக்காரர் ஒரு பத்து ரூபாயாவது கூடக் கேட்டு நின்றார். இருவரும் நேருக்கு நேர் நின்றும் வியாபாரம் முடியவில்லை. இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

எங்கே பிழைக்கும் என்றும் சொல்ல வேண்டும். மூன்றாம் சுற்றிலும் விலைகள் 100 ரூபாய்க்கு மேல் சிதறி இருந்தால் துண்டுகளைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து, பத்து ரூபாய் இலாபம் மட்டும் விழும் துண்டுகள் பல இருந்தால், அந்தப் பிள்ளைகள் அட்டையில் உள்ள எண்ணையே விலை என்று நினைத்துவிட்டார்கள். "என் செலவு 240, அதுக்கு மேல கேக்கிறது அநியாயம்" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கிறான். இலாபக் கணக்கைப் பலகையில் ஒரு தடவை செய்து காட்டினால் சரியாகிவிடும். ஒரே இருவர் மூன்று சுற்றிலும் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டால் அது சிநேகிதம். அதற்கு, முன் சுற்றில் வியாபாரம் செய்தவரோடு திரும்பச் செய்யக் கூடாது என்ற விதி போதும்.

விற்பவர்கள் கூடி "500 க்குக் கீழ யாரும் குடுக்காதீங்க" என்று பேசிக்கொண்டால் தடுக்காதீர்கள். 500 க்கு வாங்கக்கூடியவர்கள் ஐந்து பேர்தான், அதிலும் 500 அட்டைக்காரருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. விற்பவரில் பாதிப் பேர் கையில் மூடியோடு நிற்பார்கள். 200 அட்டைக்காரர் மூன்றாவது நிமிடத்தில் மெதுவாக 450 க்குக் கொடுத்துவிடுவார், பலகையில் அது விழுந்ததும் கட்டுப்பாடு கலையும்.

படத்தை அவர்களே நிற்கட்டும்

மூன்றாம் சுற்று முடிந்ததும்தான் அட்டைகளைத் திறக்க வேண்டும். வாங்குபவர்களைச் சுவரோரமாக 700 இலிருந்து 250 வரை இறங்கு வரிசையில் நிறுத்துங்கள். எதிரே விற்பவர்களை 200 இலிருந்து 550 வரை ஏறுவரிசையில். ஒவ்வொருவரும் அட்டையை நெஞ்சோடு பிடிக்கட்டும். இப்போது சோடி சோடியாகப் பார்த்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். 700 க்கு எதிரே 200, 650 க்கு எதிரே 220, இப்படியே ஏழாவது சோடி 400 உம் 340 உம். எட்டாவதாக எதிரெதிரே நிற்பவர்கள் 350 உம் 380 உம், அந்த இருவரேதான். அறை ஒரு கணம் அமைதியாகும்.

பிறகு கட்டக் கொப்பியில் வரையட்டும். கிடை அச்சில் ஒரு சட்டிக்கு ஒரு சென்றிமீற்றர், நிலை அச்சில் 100 ரூபாய்க்கு ஒரு சென்றிமீற்றர். வருவது வழுவழுப்பான வளையி அல்ல, படிக்கட்டு. ஒரு படி ஒரு ஆள். இரண்டு படிக்கட்டுகளும் ஏழாவது சட்டி முடியும் இடத்தில், 350 க்கும் 380 க்கும் இடையில் சந்திக்கும். அதற்குள் மூன்றாம் சுற்றின் ஏழு விலைகளையும் புள்ளியாகப் போடச் சொல்லுங்கள். பிறகு உறையிலிருந்து முதல் சுற்றின் துண்டுகளை எடுத்து வேறு நிறத்தில் போடச் சொல்லுங்கள். 560 கொடுத்த பிள்ளை அப்போதுதான் கண்டுகொள்வாள். 140 குறைந்த கதையையும் இப்போது சொல்லலாம், துண்டுகளை வைத்து அவர்களே கூட்டிப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள்: வெள்ளம்

அட்டைகளைக் கலைத்துப் புதிதாகக் கொடுங்கள். நேற்று வாங்கியவர்கள் இன்று விற்கட்டும். பிறகு அறிவிப்பு: மாரி மழை, படுவான்கரையில் மேய்ச்சல் தரை தண்ணீருக்குள், வைக்கோல் வாங்கிப் போட வேண்டும், பாதையும் சுற்றுப்பாதை. ஒவ்வொரு விற்பவரும் தன் அட்டையோடு 100 ரூபாயைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சந்தை திறக்கும் முன் விலை எவ்வளவாகும் என்று எல்லோரும் எழுதட்டும். என் வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் 460 ஐ ஒட்டி எழுதினார்கள். 360 இல் நின்றது, 100 கூடினால் 460. நேர்மையான கணக்கு. முதல் இரண்டு நிமிடம் ஒரு துண்டும் வரவில்லை, வாங்குபவர்கள் பழைய விலையிலேயே நின்றார்கள். பிறகு 400, 430, 425, 420, 420, 415. ஆறு வியாபாரம், விலை 420 ஐச் சுற்றி. செலவு 100 ஏற, சராசரி விலை ஏறியது 55 அளவுதான்.

மீதி எங்கே போனது என்பதைக் காட்ட ஏழாவது சோடியைக் கூப்பிடுங்கள். வாங்குபவர் 400, விற்பவர் 340, இன்றைக்கு அவருடைய செலவு 440. இவர்களுக்கிடையே இருந்த இடைவெளி 60. 100 ஏறியதும் அந்த இடைவெளி மூடி, இருவரும் சந்தையைவிட்டு வெளியேறிவிட்டார்கள். 460 கேட்டிருந்தால் வாங்கக்கூடியவர்கள் ஐந்து பேர்தான், விற்க நிற்பவர்களோ ஏழு. அதனால் விற்பவர்களே இறங்கி வந்தார்கள். கூடிய செலவில் ஒரு பங்கை வாங்குபவர் சுமந்தார், மறு பங்கை விற்பவர் சுமந்தார். வரியின் சுமை யார் தலையில் விழுகிறது என்ற பாடத்துக்குப் பின்னால் போகும்போது இந்தச் சுற்றின் துண்டுகளையே எடுக்கலாம்.

உச்ச விலை

கூட்டிய 100 ஐ எடுத்துவிடுங்கள், பழைய செலவு. இப்போது விதி: 310 க்கு மேல் விற்கக் கூடாது, மீறிய துண்டைப் பதிவாளர் ஏற்க மாட்டார். அரிசிக்கு வர்த்தமானியில் உச்ச சில்லறை விலை வந்து, பிறகு கடையில் அரிசி இல்லாமல் போன கதை பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தெரியும்.

310 க்கு வாங்கக்கூடியவர்கள் எட்டுப் பேர், விற்கக்கூடியவர்கள் ஆறு பேர். மணி அடித்ததும் ஓட்டம்தான், பேரமே இருக்காது. கதிரை மேசையை முதலே ஒதுக்கி வையுங்கள். என் வகுப்பில் 650, 600, 500, 450, 400, 350 அட்டைக்காரர்கள் வாங்கினார்கள். 700 உம் 550 உம் பின்வாங்கில் இருந்ததால் பிந்திவிட்டார்கள். 700 அட்டைக்காரன் ஒரு விற்பவனின் காதில், "துண்டில 310 எண்டு எழுது, என்ட எள்ளுருண்டையில ரெண்டு உனக்கு" என்று பேசிக்கொண்டிருந்ததைப் பதிவாளர் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சொல்லை நான் பலகையில் எழுதவில்லை, "இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன். "கள்ளச் சந்தை" என்று பல குரல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். மொத்த இலாபம் 1450, ஆகக் கூடிய 2010 ஐவிட 560 குறைவு. ஏழாவது சட்டி சந்தைக்கு வராததால் போனது இதில் 60 மட்டுமே. மீதி 500, வந்த ஆறு சட்டியும் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களிடம் போகாமல் முந்தி ஓடியவர்களிடம் போனதால். பாடப்புத்தகப் படத்தில் நாம் நிழலிடும் சிறிய முக்கோணம் அந்த 60 ஐத்தான் காட்டும். 500 அதில் தெரியாது, ஏனென்றால் கூடிய விலை தரக்கூடியவருக்கே முதலில் கிடைக்கும் என்று படம் எடுத்துக்கொள்கிறது. வரிசையும் ஓட்டமும் அப்படிப் பார்த்துக் கொடுப்பதில்லை.

அதே நேரம், மூன்றாம் சுற்றிலும் வெள்ளத்திலும் கிடைக்காத சட்டி 350 அட்டைக்காரருக்கு இந்தச் சுற்றில் கிடைத்தது என்பதையும் மறைக்காதீர்கள். அவருடைய இலாபம் 40. விலை 310 ஆனதில் அவருக்கு நன்மை, 700 காரருக்கு இழப்பு.

இங்கே ஒரு பிள்ளை எழும்பி, "350 காரருக்குத்தானே சேர் கட்டாயம் கிடைக்க வேணும், அவர் ஏழையாக இருந்தால்?" என்று கேட்பாள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். பாடவேளையில் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கி வைப்பேன். 250 அட்டை வைத்திருப்பவரை முன்னால் அழைத்து, "இவர் யாராக இருக்கலாம்?" என்று வகுப்பிடம் கேட்பேன். ஒருவர், தயிர் பிடிக்காதவர் என்பார். இன்னொருவர், வீட்டிலேயே மாடு நிற்கிறது, அதனால் பெரிதாகத் தேவையில்லை என்பார். அப்புறம் ஒரு குரல், ஆசை இருக்கு, அன்றைய கூலி அவ்வளவுதான் என்று சொல்லும். மூன்று பதிலையும் பலகையில், படிக்கட்டின் கடைசிப் படிக்குப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கேள்விப் படிக்கட்டில் மூவரும் நிற்பது அந்த ஒரே 250 இல்தான்.